வரி நடுவழியில் குறைந்தால்: உடனே மாறுவதா, காத்திருந்து மாறுவதா?

2019 செப்டம்பர் 20 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த கார்ப்பரேட் வரிக் குறைப்பு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களின் கணக்கை எல்லாம் பாதியில் திருத்த வைத்தது. நிதியாண்டில் பாதி ஓடிவிட்டது. செப்டம்பர் 15-க்குள் கட்ட வேண்டிய 45 சதவீத முன்வரி பழைய விகிதத்தில் கட்டியாகிவிட்டது. ஆனால் புதிய விகிதமோ 2019 ஏப்ரல் 1 முதலே பொருந்தும் என்றார்கள்.

அந்தக் குறைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. அது எல்லா நிறுவனங்களின் மீதும் தானாக வந்து இறங்கவில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவின்படி நிறுவனம் தானே முன்வந்து தேர்ந்தால்தான் 22 சதவீதம். தேராவிட்டால் பழைய விகிதமும் பழைய சலுகைகளும் தொடரும். எந்த ஆண்டில் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். போனபின் வெளியே வர முடியாது. எனவே வரவிருக்கும் ஆண்டுகளுக்கு ஒரே விகிதத்தைப் போட்டு முடிக்க வழியில்லை. மாறும் ஆண்டு எது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு ஆண்டின் வரியும் வேறாகும்.

முதலில் விகிதங்களைச் சரியாக எழுதிக்கொள்வோம். 22 சதவீதத்தின் மேல் 10 சதவீத சர்சார்ஜ், அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 25.168 சதவீதம். இதில் சர்சார்ஜ் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கோடிக்குக் கீழே இருந்தாலும் 10 சதவீதம்தான். பழைய முறையில், 2017-18-இல் விற்றுமுதல் 400 கோடியைத் தாண்டாத நிறுவனத்துக்கு 2019-20-இன் அடிப்படை விகிதம் 25 சதவீதம். வருமானம் ஒரு கோடிக்கும் பத்துக் கோடிக்கும் இடையில் இருந்தால் 7 சதவீத சர்சார்ஜும் செஸும் சேர்ந்து 27.82 சதவீதம். 400 கோடியைத் தாண்டிய நிறுவனத்துக்கு அடிப்படை 30 சதவீதம், அதே வருமானத்தில் 33.384 சதவீதம். ஆக, சிறிய நிறுவனத்துக்கு மாறுவதால் மிச்சமாவது 2.652 புள்ளிகள்தான். "30-லிருந்து 22" என்ற தலைப்புச் செய்தியை நம்பி 8 புள்ளி என்று கணக்குப் போட்டவர்கள் இங்கேயே சறுக்கினார்கள்.

இந்த 2.652 புள்ளிகளுக்கு விலையாகக் கொடுப்பது முக்கியமாக இரண்டு. ஒன்று, புதிய இயந்திரத்துக்கான 20 சதவீதக் கூடுதல் தேய்மானம். மற்றொன்று, கையில் சேர்ந்திருக்கும் மேட் கிரெடிட். மேட் என்பது குறைந்தபட்ச மாற்று வரி. சலுகைகளால் சாதாரண வரி மிகவும் இறங்கிவிட்டால், கணக்குப் புத்தக லாபத்தின் மேல் ஒரு குறைந்தபட்ச வரியைக் கட்ட வேண்டும். அப்படி அதிகமாகக் கட்டியதைப் பின்னால் வரும் ஆண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்பதே அப்போதைய விதி. 115பிஏஏ-வுக்குள் போனால் அந்தப் பாக்கி பயனற்றுப்போகும் என்று 2019 அக்டோபர் 2 தேதியிட்ட நேரடி வரிகள் வாரியத்தின் 29/2019 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியைத் தீர்த்துவிட்டு அப்புறம் மாறத் தடையில்லை என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. காத்திருப்பதும் ஒரு வழியாக வந்து சேர்வது இதனால்தான்.

கணக்கிட எடுத்துக்கொள்ளும் நிறுவனம்

கற்பனையாக ஒரு உற்பத்தி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எல்லா ஆண்டுகளிலும் விற்றுமுதல் 400 கோடிக்குக் கீழே. 10 கோடி ரூபாய்க்கு இயந்திரம் வாங்கி 2018 நவம்பரில் ஓட்டத் தொடங்கியது. 2019-20 முதல் 2023-24 வரை திட்டம் ஆண்டுக்கு 300 லட்சம் தருகிறது. இது வரிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய தொகை. நிறுவனத்தின் மற்ற தொழில் ஆண்டுக்கு 400 லட்சம் வரிக்குரிய வருமானம் தருகிறது. புத்தக லாபமும் அதே 400 என்று வைத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 1 அன்று மேட் கிரெடிட் பாக்கி 60 லட்சம். இனி வரும் தொகைகள் எல்லாம் லட்சத்தில்.

இயந்திரம் நவம்பரில் ஓடத் தொடங்கியதைக் கவனியுங்கள். முதலாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியதால், 2018-19-இல் வழக்கமான 15 சதவீதத்தில் பாதியும் கூடுதல் 20 சதவீதத்தில் பாதியும்தான் கிடைத்தன. மொத்தம் 175, மீதி மதிப்பு 825. கூடுதல் தேய்மானத்தின் மறுபாதியான 100 லட்சத்தை 2019-20-இல் எடுக்க வேண்டும். விகிதம் மாறியதும் அதே ஆண்டில்தான். உடனே மாறினால் அந்த 100 அந்த ஆண்டுக்குக் கிடைக்காது. ஆனால் முழுதாக அழிந்தும் போகாது. எடுக்காத தேய்மானம் சொத்தின் மீதி மதிப்பில் தங்கி, ஆண்டுக்கு 15 சதவீதமாகப் பின்னால் மெல்ல வரும். கணக்குத்தாளில் பலர் இந்த 100-ஐ மொத்தமாக இழப்பு என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இழப்பது காலத்தின் மதிப்பைத்தான்.

பழைய முறையில் இருந்தால் 2019-20-இன் தேய்மானம் 123.75-உடன் 100 சேர்ந்து 223.75. அடுத்த ஆண்டுகளில் 90.19, 76.66, 65.16, 55.39. உடனே மாறினால் 123.75, 105.19, 89.41, 76.00, 64.60.

ஓராண்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

2019-20-இல் பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 400 + 300 − 223.75 = 476.25. அதில் 27.82 சதவீதம் 132.49. புதிய முறையில் வருமானம் 576.25, அதில் 25.168 சதவீதம் 145.03. விகிதம் குறைந்திருக்கிறது, வரி 12.54 லட்சம் கூடியிருக்கிறது! விகிதத்தை மட்டும் மாற்றி, தேய்மான வரிசையைத் தொடாமல் விட்டவர்களுக்கு இது கண்ணில் படாது.

இனி மேட். இயந்திரத்துக்குப் புத்தகத் தேய்மானம் 15 ஆண்டு ஆயுளில், 5 சதவீத எச்ச மதிப்பு விட்டு, ஆண்டுக்கு 63.33. புத்தக லாபம் 636.67. மேட் விகிதமும் அந்த ஆண்டில் 18.5-லிருந்து 15 சதவீதமாக இறங்கியது. சர்சார்ஜும் செஸும் சேர்த்து 16.692 சதவீதம். வரி 106.27. சாதாரண வரிக்கும் மேட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அளவுக்குத்தான் கிரெடிட்டைக் கழிக்கலாம்: 132.49 − 106.27 = 26.22. கையிலிருந்து போவது 106.27. கிரெடிட்டில் மிஞ்சுவது 33.78.

மேட் விகிதக் குறைப்பைப் பலர் கண்டுகொள்ளவே இல்லை. பழைய 18.5 சதவீதமாகவே இருந்திருந்தால் மேட் 131.07. கழிக்கக் கிடைத்திருக்கும் இடம் வெறும் 1.42. காத்திருப்பதை லாபமாக்கியதில் இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பெரிய பங்குண்டு.

2020-21-இல் பழைய முறை வருமானம் 609.81, வரி 169.65. கழிக்கும் இடம் 63.38 இருப்பதால் மீதி 33.78 முழுதும் கழிந்துவிடும். இப்படியே நான்கு வழிகளுக்கும் போட்டால், நிறுவனம் கையிலிருந்து கட்டும் வரி:

| ஆண்டு | மாறவே இல்லை | 2019-20-இல் மாறினால் | 2020-21-இல் மாறினால் | 2021-22-இல் மாறினால் |
|---|---|---|---|---|
| 2019-20 | 106.27 | 145.03 | 106.27 | 106.27 |
| 2020-21 | 135.87 | 149.70 | 153.48 | 135.87 |
| 2021-22 | 173.41 | 153.67 | 156.88 | 156.88 |
| 2022-23 | 176.61 | 157.05 | 159.78 | 159.78 |
| 2023-24 | 179.33 | 159.92 | 162.24 | 162.24 |
| மொத்தம் | 771.49 | 765.37 | 738.65 | 721.04 |

கடைசி வழி தெளிவாக முந்துகிறது. இரண்டு ஆண்டு பொறுத்து, கூடுதல் தேய்மானத்தின் மறுபாதியையும் மேட் கிரெடிட்டையும் தீர்த்துவிட்டு, 2021-22-இல் மாறுவது. உடனே மாறுவதோடு ஒப்பிட்டால் இதன் லாபம் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே கைக்கு வந்துவிடுகிறது; பின்னால் ஆண்டுக்கு இரண்டு மூன்று லட்சம் மட்டும் திரும்பிப் போகிறது. பின்னால் வரும் தொகைகளை 12 சதவீதத்தில் கழித்து 2020 மார்ச் மதிப்புக்குக் கொண்டுவந்தால், ஐந்தாண்டுக்குப் பின் இயந்திரத்தில் தங்கும் தேய்மான வேறுபாட்டையும் சேர்த்து, சுமார் 40 லட்சம் லாபம்.

அட்டவணையில் "மாறவே இல்லை", "2019-20-இல் மாறினால்" என்ற இரண்டு நெடுவரிசைகளைப் பாருங்கள். மொத்தத்தில் உடனே மாறுவது 6.12 லட்சம் மலிவு. ஆனால் மாறாமல் இருப்பதன் மிச்சம் முன்னாலேயே வருவதால், ஐந்தாண்டுக்குள் மட்டும் 12 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால் மாறாமல் இருப்பதே சுமார் 9 லட்சம் மேல். ஐந்து ஆண்டு வரியையும் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் வரிசை தலைகீழாகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம். இரண்டு விகிதங்களையும் சராசரியாக்கி ஒரே விகிதம் போடுவதும் இதே தவறுதான்.

எப்போது விடை மாறும்

"இரண்டு ஆண்டு பொறு" என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே எண்களை வைத்துக்கொண்டு விற்றுமுதலை மட்டும் 400 கோடிக்கு மேலே தள்ளுங்கள். பழைய விகிதம் 33.384 சதவீதம் ஆகிறது. 2019-20-இல் சாதாரண வரி 158.99; கழிக்கும் இடம் 52.72. கிரெடிட்டில் பெரும்பகுதி முதலாண்டிலேயே தீர்ந்து 7.28 மட்டும் மிஞ்சும். அந்த 7.28-க்காக இன்னோர் ஆண்டு தங்கினால் 2020-21-இல் 196.30 கட்ட வேண்டும், மாறினால் 153.48. இங்கே சரியான விடை, 7.28-ஐக் கைகழுவிவிட்டு 2020-21-இல் மாறுவது. மிச்சக் கிரெடிட்டை விட மனசு வராமல் தங்கியவர் 42.82 லட்சத்தை இழப்பார்.

இன்னொரு பக்கம்: விற்றுமுதல் 400 கோடிக்குக் கீழேயே இருக்கட்டும், ஆனால் மேட் கிரெடிட் அறவே இல்லை என்று வைப்போம். இப்போது 2019-20-இல் தங்குவதற்கு ஒரே காரணம் அந்த 100 லட்சக் கூடுதல் தேய்மானம். தங்கினால் அந்த ஆண்டில் 12.54 மிச்சம். பின்னால் வரும் நான்கு ஆண்டுகளில் தேய்மானம் குறைவதால் திரும்பிப் போவது, கழித்துப் பார்த்தால், சுமார் 9.34. தங்குவதே லாபம் போலத் தெரியும். ஆனால் 2024 மார்ச்சில் இரண்டு வழிகளிலும் மீதி மதிப்பு ஒன்றல்ல. உடனே மாறியவரிடம் 366.06, தங்கியவரிடம் 313.86. அந்த 52.20 வேறுபாடு தொடர்ந்து 15 சதவீதமாகத் தேய்ந்து தரும் வரி மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 4.64. சேர்த்தால் 13.98. இது 12.54-ஐவிடக் கூடுதல், உடனே மாறுவதே ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தில் முந்துகிறது. ஐந்தாம் ஆண்டில் தாளை மூடியவருக்கு இந்த வால் தெரியாது. இந்தியாவில் தேய்மானம் சொத்துத் தொகுதிக்குத்தான், தனி இயந்திரத்துக்கு அல்ல. இயந்திரத்தை விற்றாலும் விற்ற தொகை தொகுதியில் கழிந்து, மீதி தொடர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும். அதனால் கடைசி ஆண்டில் ஒரேயடியாக நட்டம் எழுதிக் கணக்கை முடிப்பது பெரும்பாலும் தவறு.

ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டியது இதுதான்: இன்னோர் ஆண்டு தங்கினால் கழியும் கிரெடிட்டும் கூடுதல் கழிவுகளின் காலமதிப்பும் சேர்ந்து, மொத்த வருமானத்தின் மேல் விகித வேறுபாட்டைவிடப் பெரிதா? 2020-21-இல் நம் நிறுவனத்துக்குக் கழியும் கிரெடிட் 33.78. விகித வேறுபாடு 609.81-இல் 2.652 சதவீதம், அதாவது 16.17. தங்கியது சரி. 2021-22-இல் கழிக்கக் கிரெடிட்டும் இல்லை, கூடுதல் கழிவும் இல்லை. கிளம்ப வேண்டியதுதான்.

400 கோடி வரம்பும் ஆண்டுக்கு ஆண்டு வேறோர் ஆண்டின் விற்றுமுதலைப் பார்க்கிறது. 2019-20-இன் வரிக்கு 2017-18. 2020-21-இன் வரிக்கு 2018-19. வளரும் நிறுவனம் இந்தக் கோட்டைத் தாண்டும் ஆண்டில் தங்குவதன் விலை 2.652-லிருந்து 8.216 புள்ளிக்குத் தாவும். விற்றுமுதல் கணிப்பும் கணக்குத்தாளில் ஒரு வரிசையாக இருந்தாக வேண்டும்.

திட்டத்தின் பணவரத்து எது?

மேலே உள்ள அட்டவணை நிறுவனத்துக்கானது. மாறும் முடிவு முழு நிறுவனத்தையும் தழுவும். மற்றத் தொழிலின் 400 லட்சத்தில் மிச்சமாகும் வரியைத் திட்டத்தின் சாதனையாக எழுதக் கூடாது. திட்டத்தோடு ஒருமுறை, திட்டம் இல்லாமல் ஒருமுறை நிறுவனத்தின் வரியைப் போட்டு, வேறுபாட்டை எடுக்க வேண்டும்.

திட்டம் இல்லாவிட்டால் 2019-20-இல் சாதாரண வரி 111.28, மேட் 66.77, கிரெடிட்டில் 44.51 கழிந்து கையிலிருந்து 66.77. அடுத்த ஆண்டு மீதி 15.49 கழிந்து 95.79. மாறியபின் 100.67. ஆகவே திட்டத்தின் வரி 2019-20-இல் 39.50, 2020-21-இல் 40.08, 2021-22-இல் 56.21.

திட்டத்தை மட்டும் தனியே வைத்து 27.82 சதவீதம் போட்டிருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 21.21-உம் 58.37-உம் வந்திருக்கும். இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை 79.58தான், காலம் மட்டும் நகர்கிறது. காரணம் சுவையானது. 2019-20-இல் கூடுதல் தேய்மானம் சாதாரண வரியை 27.82 லட்சம் இறக்கியது உண்மை. ஆனால் நிறுவனம் எப்படியும் மேட் அளவுக்குக் கட்டியே ஆக வேண்டும். அந்த 100 இல்லாவிட்டால் அதே இடத்தில் கிரெடிட் அதிகம் கழிந்திருக்கும். கையிலிருந்து போவது அப்போதும் 106.27தான். இரண்டு சலுகைகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஆக தேய்மானத்தின் பலன் பணமாக வருவது ஓராண்டு கழித்து, தப்பிப் பிழைத்த கிரெடிட்டின் உருவில்.

திருத்திய வரிக்குப் பிந்தைய பணவரத்து ஐந்து ஆண்டுகளுக்கும் 260.50, 259.92, 243.79, 240.90, 238.44. எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் கழிவு விகிதத்தையும் தொட மறக்க வேண்டாம்: 10 சதவீத வட்டிக் கடனின் வரிக்குப் பிந்தைய செலவு 7.22-லிருந்து 7.48 சதவீதமாகும். வரி இறங்கினால் வட்டிக்குக் கிடைக்கும் வரி மிச்சமும் இறங்கும்.

தாளில் எழுதும் முறை

எக்செலில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பத்தி. முதல் வரிசையில் அந்த ஆண்டின் முறை OLD அல்லது NEW. எட்டாம் வரிசை பழைய முறை வரி, ஒன்பது புதிய முறை வரி, பத்து மேட், பன்னிரண்டு தொடக்கக் கிரெடிட், பதின்மூன்று கழிந்த கிரெடிட், பதினான்கு கட்டும் வரி.

```
C13: =IF(C$1="OLD", MAX(0, MIN(C12, C8-C10)), 0)
C14: =IF(C$1="OLD", MAX(C8,C10)-C13, C9)
D12: =IF(D$1="OLD", C12-C13+MAX(0,C10-C8), 0)
```

தேய்மான வரிசையும் முதல் வரிசையைப் பார்த்தே ஓட வேண்டும். கூடுதல் தேய்மானம் OLD ஆண்டில் மட்டும். OLD, NEW சொற்களை மாற்றினால் நான்கு வழிகளும் ஒரே தாளில் கிடைக்கும். OLD-க்குப் பின் NEW வரலாம். NEW-க்குப் பின் OLD வரக் கூடாது. அதற்கு ஒரு தணிக்கை வரிசை வையுங்கள். அதிகம் நேரும் பிழை ஆண்டுப் பெயரில்தான். சட்டம் 2020-21 மதிப்பீட்டு ஆண்டு என்று சொன்னால் அது 2019-20-இன் வருமானம். பத்தித் தலைப்பில் எது என்று எழுதாவிட்டால் விகிதம் ஓராண்டு தள்ளிப்போகும்.

கணக்குப் புத்தகத்திலிருந்து இரண்டு பதிவுகள் இந்தத் தாளுக்குள் நுழையப் பார்க்கும். முறை மாறும்போது ஒத்திவைத்த வரியைப் புதிய விகிதத்தில் மறுமதிப்பிட்டு லாபநட்டக் கணக்கில் எழுதுவார்கள். அது பணம் அல்ல. அதன் பணவிளைவு ஆண்டுவாரி வரியில் ஏற்கெனவே இருக்கிறது, விட்டுவிடலாம். மேட் கிரெடிட்டைத் தள்ளுபடி செய்யும் பதிவும் பணம் அல்லதான். ஆனால் அதன் பின்னால் இனி கழிக்க முடியாமல் போன நிஜப் பணம் இருக்கிறது. பதிவை விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வரிசையைப் பூஜ்யமாக்கினால் போதும்.

மாறும் ஆண்டு முடிவானதும், 1961 சட்டத்தின்படி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் 10-ஐசி படிவத்தை மின்வழியில் போட வேண்டும். கணக்கில் புதிய விகிதத்தைக் காட்டிவிட்டுப் படிவத்தை விட்டால் பழைய விகிதத்தில் வரிக்கோரிக்கை வரும். முதலாண்டில் இதைத் தவறவிட்டவர்களுக்காக வாரியம் 2022 மார்ச்சில் 6/2022 சுற்றறிக்கை மூலம் தாமதத்தை மன்னிக்க வேண்டி வந்தது. மாறும் ஆண்டின் ஜூன் 15 முன்வரித் தவணையையே புதிய விகிதத்தில் கட்டத் தொடங்கினால், பணவரத்துத் தாளும் வங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.